வெளிநாட்டுக் கல்வி விண்ணப்பக் கால அட்டவணை: சங்கரன்கோவில் மாணவருக்கான ஓர் எடுத்துக்காட்டு

வெளிநாட்டுக் கல்வி விண்ணப்பக் கால அட்டவணை என்பது, படிப்பைத் தேடத் தொடங்கும் நாள் முதல் விசா கைக்கு வரும் நாள் வரை செய்ய வேண்டிய வேலைகளை அவற்றின் கெடு நாட்களோடு வரிசைப்படுத்திக்கொள்ளும் திட்டமாகும். தேர்வு, ஆவணம், பணம், முன்பணம், விசா ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்று தாமதமானால் அதை நம்பி நிற்கும் மற்றதும் தள்ளிப்போகும். ஆகவே இந்த அட்டவணையை இன்றைய நாளிலிருந்து முன்னோக்கிப் போடாமல், வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதே சரியான முறை.

இக்கட்டுரை தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் வசிக்கும் ஒரு மாணவி, ஐக்கிய இராச்சியத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர விரும்புவதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மாணவி கற்பனையானவர், விதிகள் உண்மையானவை. அவர் 2026 மே மாதம் இளங்கலை முடித்தவர், தேர்வு முடிவும் சான்றிதழும் கையில் உள்ளன. வகுப்பு 2027 செப்டம்பர் 20, திங்கட்கிழமை தொடங்குகிறது. படிப்பு இலண்டனுக்கு வெளியே. கட்டணம் 20,000 பவுண்டு, முன்பணம் 4,000 பவுண்டு, ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பின்னோக்கிக் கணக்கிடுதல்

வகுப்பு செப்டம்பர் 20 என்றால், விசா முடிவு ஆகஸ்டு 31-க்குள் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பயணச்சீட்டு எடுக்கவும், தங்குமிடம் உறுதிசெய்யவும் நேரம் இருக்கும்.

நாட்டுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு முடிவு வழக்கமாக மூன்று வாரங்களில் கிடைக்கும். இந்த மூன்று வாரம் இணையத்தில் படிவத்தை அனுப்பிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் கொடுத்த பிறகே தொடங்குகிறது. சங்கரன்கோவில் மாணவி அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம்தான்; ஆனால் மையத்தில் நேரம் கிடைப்பது நம் கையில் இல்லை. கோடை முடிவில் எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் சந்திப்பு நாள் தள்ளிப்போகக்கூடும்.

எனவே நம் மாணவி இணைய விண்ணப்பத்தை ஜூலை 16 அன்றும், சென்னைச் சந்திப்பை ஜூலை 22 அன்றும் வைத்துக்கொள்கிறார். மூன்று வாரம் என்றால் ஆகஸ்டு 12. அதற்குப் பிறகும் கெடுவுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் மிச்சம் இருக்கிறது. கூடுதல் ஆவணம் கேட்டாலும், முடிவு தாமதமானாலும் இந்த மிச்சம்தான் காப்பாற்றும். வகுப்பு தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. ஆகவே மார்ச் 20 முதல் கதவு திறந்திருக்கிறது; ஜூலை என்பது நாமே வைத்துக்கொண்ட கெடு.

28 நாள் விதி

இந்த அட்டவணையில் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம் இதுதான். விண்ணப்பிப்பவர் இரண்டு தொகைகளைக் காட்ட வேண்டும்: இன்னும் செலுத்தாத முதலாண்டுக் கட்டணம், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, வாழ்க்கைச் செலவு இலண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, இலண்டனில் 1,529 பவுண்டு. இத்தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால் விண்ணப்பிக்கும் முன் அரசின் தளத்தில் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

நம் மாணவிக்குக் கணக்கு இப்படி வரும். கட்டணம் 20,000-இல் முன்பணம் 4,000 போக 16,000. வாழ்க்கைச் செலவு ஒன்பது மாதத்துக்கு 10,539. மொத்தம் 26,539 பவுண்டு. ரூபாயில் சுமார் 31 இலட்சத்து 85 ஆயிரம். நாணய மதிப்பு விண்ணப்ப நாளின் ஓஆண்டா விகிதப்படி கணக்கிடப்படுகிறது. பவுண்டு மூன்று ரூபாய் ஏறினால்கூடத் தேவை 32 இலட்சத்து 64 ஆயிரமாகிவிடும். ஆகவே அவர் 33 இலட்சம் என்று இலக்கு வைக்கிறார்.

இந்தப் பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் 28 நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாட்களுக்கு முன்பாக இருக்கக்கூடாது. ஜூலை 16-இல் விண்ணப்பிப்பவர் ஜூலை 14 வரையிலான கணக்கு அறிக்கையைக் கொடுத்தால், ஜூன் 17 முதல் முழுத்தொகையும் கணக்கில் இருந்தாக வேண்டும். விசா கட்டணம், பயணச்சீட்டு, மருத்துவச் சோதனை ஆகியவற்றுக்கான பணத்தை இதே கணக்கிலிருந்து எடுப்பது பலர் செய்யும் பிழை. அவற்றுக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. விசா கட்டணத்தைத் தவிர, சுகாதாரக் கூடுதல் கட்டணமாக மாணவர் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்ட வேண்டும். 12 மாதப் படிப்புக்கு விசாக் காலம் அதைவிட நீள்வதால் இது 1,164 பவுண்டாகிறது.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். மாணவர், பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர், கணவர் அல்லது மனைவி ஆகியோரின் கணக்குகள் மட்டுமே ஏற்கப்படும். தாய்மாமாவோ சித்தப்பாவோ பணம் தருவதாக இருந்தால், அது ஜூன் 17-க்கு முன்பே மாணவியின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு வந்துவிட வேண்டும். பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் சேர்க்க வேண்டும். நிலம், நகை, பங்குகள் எவ்வளவு மதிப்புள்ளவை ஆனாலும் கணக்கில் சேரா. நகைக்கடன் வாங்கிக் கணக்கில் போட்டால்தான் அது பணமாகும். அப்படியானால் அந்த மாதங்களுக்கான வட்டியையும் செலவில் எழுத வேண்டும். கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உள்ள வைப்புத்தொகையையும் முன்கூட்டியே ஒரு வங்கிக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பானது. ஏனெனில் முறையாக ஒழுங்குபடுத்தப்பட்டு, மின்னணுப் பதிவு வைத்திருக்கும் நிறுவனத்தின் அறிக்கையே ஏற்கப்படும்.

கல்விக் கடனும் வீட்டுப் பத்திரமும்

வங்கி வழங்கும் கல்விக் கடனுக்கு 28 நாள் விதி பொருந்தாது. மாணவரின் பெயரில் கடன் அனுமதிக்கப்பட்டதைச் சொல்லும் கடிதம் போதும். அக்கடிதத்தின் தேதி விண்ணப்ப நாளுக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பயணத்துக்கு முன் பணம் கிடைக்கும் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நம் மாணவி 25 இலட்சம் கடனாகவும் 8 இலட்சம் குடும்பச் சேமிப்பாகவும் காட்டத் திட்டமிடுகிறார். அதனால் 28 நாள் கட்டுப்பாடு அந்த 8 இலட்சத்துக்கு மட்டுமே.

கடன் வாங்குவதில்தான் மாதங்கள் கரைகின்றன. பொதுத்துறை வங்கிகளின் பொதுவான நடைமுறையில் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுகிறது. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள குடும்பங்களில் சொத்து என்றால் பெரும்பாலும் வேளாண் நிலம். ஆனால் கடன் வாராவிட்டால் வங்கி நீதிமன்றம் செல்லாமல் பிணையைக் கைப்பற்ற உதவும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது. அதன் 31-ஆவது பிரிவு அதை விலக்கிவைக்கிறது. ஆகவே பத்து ஏக்கர் கரிசல் நிலத்தைவிட, நகருக்குள் இருக்கும் சிறிய வீட்டையோ அங்கீகாரம் பெற்ற மனையையோ வங்கிகள் விரும்புகின்றன. இது தெரியாமல் நிலப் பத்திரத்தோடு பிப்ரவரியில் வங்கிக்குப் போகிறவர் அங்கேயே இரண்டு மாதத்தை இழக்கிறார்.

வீடு இருந்தாலும் அது யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி வரும். நம் மாணவியின் வீட்டுப் பட்டா இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது என்று கொள்வோம். தமிழ்நாட்டில் மிகப் பரவலான நிலை இது. அப்பா அதைப் பிணையாக வைக்க வேண்டுமானால் முதலில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு அத்தைகளும் பெரியப்பாவும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அதன்பின் பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வங்கியின் வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று வரிசை நீளும். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்குக் கேட்கப்படுகிறது. இவற்றில் அலுவலக வேலை சில வாரங்களில் முடியும். எல்லா வாரிசுகளும் ஒரே நாளில் கையெழுத்திட வருவதுதான் காலம் பிடிக்கும். ஒருவர் கோவில்பட்டியிலும் இன்னொருவர் மும்பையிலும் இருந்தால் அது பொங்கல் விடுமுறை வரை தள்ளிப்போகலாம். உறவில் மனக்கசப்பு இருந்தால் நடக்காமலும் போகலாம்.

ஆகையால் பல்கலைக்கழகத் தேடல் தொடங்கும் அதே 2026 ஜூலையில் பத்திரங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வங்கிக்கு உள்ளே போகச் சேர்க்கைக் கடிதம் தேவை. ஆனால் பட்டாவைச் சரிசெய்ய அது தேவையில்லை. நம் மாணவியின் குடும்பம் டிசம்பருக்குள் பட்டா மாறுதலை முடித்து, சேர்க்கைக் கடிதத்தோடு பிப்ரவரி முதல் வாரம் வங்கியில் விண்ணப்பித்தால், ஏப்ரல் நடுவில் அனுமதிக் கடிதம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அக்கடிதம் ஜூலை 16-க்கு ஆறு மாதத்துக்குள் இருப்பதால் செல்லுபடியாகும்.

உதவித்தொகையின் கெடு

உதவித்தொகைகளின் கெடு, சேர்க்கைக் கெடுவைவிட மிக முன்னதாக வரும். ஐக்கிய இராச்சிய அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுகிறது. அதாவது 2027 செப்டம்பர் படிப்புக்கு 2026 அக்டோபரிலேயே கதவு அடைபடும். அதற்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும் என்பதால் புதிதாகப் பட்டம் பெற்ற நம் மாணவிக்கு அது பொருந்தாது. பட்டியல் சாதியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் போன்றோருக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், ஆதி திராவிடர் பழங்குடியினர் மாணவருக்குத் தமிழ்நாடு அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டமும் உள்ளன. இவற்றுக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேவை. வருமானச் சான்று நடப்பில் உள்ளதா என்று முன்பே பார்க்க வேண்டும். உதவித்தொகை முடிவு முன்பணக் கெடுவுக்குப் பிறகு வரக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி அட்டவணை போடக்கூடாது.

பெயரும் கடவுச்சீட்டும் ஆங்கிலத் தேர்வும்

தமிழ் மாணவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று முன்னெழுத்து. மதிப்பெண் பட்டியலில் 'மு.' என்ற எழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயராக அச்சாகிறது. ஆங்கிலத் தேர்வு, பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கடிதம், விசா ஆகிய எல்லாமே கடவுச்சீட்டில் உள்ள பெயரையே பின்பற்ற வேண்டும். எனவே கடவுச்சீட்டுதான் முதல் ஆவணம். சங்கரன்கோவில் மாணவருக்கு மதுரை மண்டல அலுவலகத்தின் கீழுள்ள திருநெல்வேலி சேவை மையம் வசதியானது. காவல்துறைச் சரிபார்ப்பின்போது முகவரியில் ஆள் இல்லாவிட்டால் வாரங்கள் வீணாகும். விடுதியில் தங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். நம் மாணவி அதை 2026 செப்டம்பர் கடைசியில் மதுரையில் எழுதுகிறார். இதன் பயன், மதிப்பெண் போதாவிட்டால் நவம்பரில் மீண்டும் எழுதலாம் என்பதே. விண்ணப்பக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு முதல் தேர்வை வைப்பவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பட்டப்படிப்பு நிலையிலும் அதற்கு மேலும் மாணவரின் ஆங்கிலத் திறனைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆகவே பெரும்பாலும் சாதாரண அகடமிக் தேர்வே போதுமானது. எதை ஏற்கிறார்கள் என்பதைப் படிப்பின் பக்கத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

முன்பணம், சேர்க்கை உறுதி எண், காசநோய்ச் சோதனை

விசா விண்ணப்பத்துக்குப் பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ் என்னும் சேர்க்கை உறுதி எண் வேண்டும். நிபந்தனையற்ற சேர்க்கையும் முன்பணமும் இல்லாமல் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதைத் தருவதில்லை. முன்பணத்தைக் கட்டுமுன் திரும்பக் கிடைக்கும் விதிகளைப் படிக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பல இடங்களில் திருப்பித் தருகிறார்கள். மாணவர் மனம் மாறினால் பெரும்பாலும் தருவதில்லை. நம் மாணவிக்கு முன்பணம் 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். வங்கியின் அனுமதிக் கடிதம் வருமுன் அதைக் கட்டுவது, கடன் கிடைக்காவிட்டால் குடும்பச் சேமிப்பை இழப்பதற்குச் சமம். ஆகவே கடன் கடிதம் ஏப்ரலில், முன்பணம் மே 14-க்குள், சிஏஎஸ் ஜூன் நடுவில் என்பதே அவருடைய வரிசை. சிறு ஊர்க் கிளைகள் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள வேறு கிளைக்கு அனுப்புவதால், கெடுவுக்குப் பத்து நாள் முன்பே படிவம் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை சிஏஎஸ் விவரத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். பதிவாகாவிட்டால் காட்ட வேண்டிய பணம் 4,000 பவுண்டு கூடும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இந்தியர், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் காசநோய்ச் சோதனைச் சான்று பெற வேண்டும். நம் மாணவிக்கு இதற்கும் சென்னையே. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் வேலை விரைவில் முடிந்துவிடும். ஐயம் இருந்தால் சளிச் சோதனை கேட்பார்கள். அதன் முடிவு எட்டு வாரம் வரை ஆகலாம். சான்று ஆறு மாதம் செல்லும் என்பதால் ஜூலை வரை காத்திருப்பதில் பயனில்லை. மே முதல் வாரம் போனால், எட்டு வாரம் ஆனாலும் ஜூலை தொடக்கத்தில் முடிந்துவிடும்.

கால அட்டவணை

- 2026 ஜூலை–ஆகஸ்டு: படிப்புத் தேடல், கடவுச்சீட்டு, பட்டாவும் மூலப்பத்திரமும் சரிபார்த்தல்
- 2026 செப்டம்பர்: ஐஇஎல்டிஎஸ்; தகுதி உள்ளவருக்கு உதவித்தொகை விண்ணப்பம்
- 2026 அக்டோபர்–நவம்பர்: பல்கலைக்கழக விண்ணப்பங்கள், பரிந்துரைக் கடிதங்கள்
- 2026 டிசம்பர் 31: பட்டா மாறுதல் முடிந்திருக்க வேண்டிய நாள்
- 2027 பிப்ரவரி: கடன் விண்ணப்பம்
- 2027 ஏப்ரல் 15: கடன் அனுமதிக் கடிதம்
- 2027 மே: காசநோய்ச் சோதனை, மே 14-க்குள் முன்பணம்
- 2027 ஜூன் 17: சொந்தப் பணம் முழுதும் கணக்கில், சிஏஎஸ் கையில்
- 2027 ஜூலை 16, 22: விசா விண்ணப்பம், சென்னைச் சந்திப்பு

திட்டம் தவறுவதை முன்கூட்டி அறிதல்

இந்த அட்டவணையில் மூன்று நாட்கள் சோதனைக் கற்கள்: டிசம்பர் 31, ஏப்ரல் 15, ஜூன் 17. பட்டா டிசம்பரில் முடியாவிட்டால் வேறு பிணையையோ, குறைந்த கட்டணமுள்ள படிப்பையோ உடனே தேட வேண்டும். கடன் கடிதம் ஏப்ரல் 15-இல் வராவிட்டால், முன்பணக் கெடுவை நீட்டிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். முன்பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கக்கூடாது. ஜூன் 17-இல் பணம் முழுதாக இல்லை என்றால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விண்ணப்பமும் ஒரு நாள் தள்ளுகிறது. ஆகஸ்டு முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கக் கேட்பதே மேல்.

இறுதியாண்டில் படித்துக்கொண்டே விண்ணப்பிப்பவருக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கடைசிப் பருவத் தேர்வு முடிவு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வந்தால், நிபந்தனையற்ற சேர்க்கை அதற்குப் பிறகே கிடைக்கும். சிஏஎஸ் ஆகஸ்டுக்குப் போய்விடும். அவரால் தேர்வு முடிவை விரைவுபடுத்த முடியாது. ஆனால் கடன் கடிதத்தையும் 28 நாள் பணத்தையும் காசநோய்ச் சான்றையும் முடிவு வருமுன்பே தயாராக வைத்திருக்க முடியும். சிஏஎஸ் வந்த மறுநாளே விண்ணப்பிக்கும் நிலையில் இருந்தால் அவர் செப்டம்பரில் சேரலாம். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், சனவரிச் சேர்க்கை உள்ள படிப்பைத் தேர்ந்தெடுப்பதே அவருக்கு நடைமுறைக்கு ஒத்த திட்டம்.